ஒரே ஆள், மூன்று பெயர், இரண்டு கதவு எண்

பருப்புப் பொடிக்கும் கறிவேப்பிலைப் பொடிக்கும் பெங்களூரிலிருந்து ஆர்டர் வர ஆரம்பித்த பிறகுதான் எனக்கு ஜிஎஸ்டி எண் தேவைப்பட்டது. தமிழ்நாட்டுக்குள் விற்கும்வரை எங்கள் வரவு செலவுக்கு அது அவசியப்படவில்லை. வேறு மாநிலத்துக்குச் சரக்கு விற்றால் விற்பனை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் பதிவு எடுக்க வேண்டும் என்று ஆடிட்டர் சொன்னார். ஒரு வாரத்தில் முடிந்துவிடும் என்றும் சொன்னார். நான்கு மாதம் ஆனது. தொழிலிலோ வரியிலோ ஒரு சிக்கலும் இல்லை. என் காகிதங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான்.

உண்மையான பெயர்களை எழுத விருப்பமில்லை. என்னைக் கவிதா என்றும், அப்பாவைச் சுப்பிரமணியன் என்றும், கணவரை ராஜா என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஊர் கோபிசெட்டிபாளையம் பக்கம். வீட்டின் பின்கட்டில்தான் வறுப்பது, அரைப்பது, பாக்கெட் போடுவது எல்லாம்.

என் பள்ளிச் சான்றிதழில் இருப்பது S. KAVITHA. கல்லூரியில் படிக்கும்போது எடுத்த பான் அட்டையில் KAVITHA SUBRAMANIAN. கல்யாணத்துக்குப் பிறகு ஆதாரில் இனிஷியலை மாற்றினோம், அது KAVITHA R ஆனது. வங்கிக் கணக்கு அந்த ஆதாரை வைத்துத் திறந்ததால் அதிலும் KAVITHA R. இத்தனை வருடத்தில் இது ஒரு குறையாக எனக்குத் தோன்றியதே இல்லை. நம் ஊரில் யாரைக் கேட்டாலும், எஸ். கவிதாவும் கவிதா ராஜாவும் ஒரே ஆள்தான் என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் சரிபார்ப்பது கணினி. அதற்கு எழுத்துதான் தெரியும்.

முதல் விண்ணப்பத்தை பிரவுசிங் சென்டரில் போட்டோம். தொடக்கத்திலேயே பெயரைக் கேட்கும் கட்டத்தில் அந்தத் தம்பி ஆதாரைப் பார்த்து Kavitha R என்று அடித்தார். பான் விவரத்தோடு பொருந்தவில்லை என்று பிழை வந்தது. சரி, பான் அட்டையில் உள்ளபடி அடித்ததும் அடுத்த பக்கம் திறந்தது. அங்கேயே நிறுத்தி யோசித்திருக்க வேண்டும். ஜிஎஸ்டியில் "Legal Name" என்பது பானில் உள்ள பெயர். அதில் நமக்கு எந்தத் தேர்வும் கிடையாது. அப்படியென்றால் பின்னால் வரும் ஒவ்வொரு காகிதமும் அந்தப் பெயரோடுதான் ஒப்பிடப்படும். என் ஆதார் அந்தப் பெயரில் இல்லை என்பது அப்போதே கண்முன் இருந்தது.

கடைசியில் ஆதார் சரிபார்ப்புக்கான இணைப்பு கைபேசிக்கு வந்தது. பெயர் பொருந்தவில்லை என்று தோற்றது. இரண்டு முறை முயன்றும் அதே பதில். ஆதார் சரிபார்ப்பு ஆகாவிட்டால் விண்ணப்பம் செத்துவிடாது. ஏழு வேலை நாளில் முடிய வேண்டியது முப்பது நாள் வரை நீளும் பாதைக்குப் போகும், அதிகாரி நேரில் வந்து இடத்தையும் பார்ப்பார். பரவாயில்லை, வந்து பார்க்கட்டும், மறைக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

வந்தார். வாசலில் நகராட்சி அடித்த தகட்டில் 27 என்று இருந்தது. விண்ணப்பத்தில் நாங்கள் எழுதியிருந்தது 12/4. அது மின் அட்டையில் உள்ள எண். அட்டை காலமாகிவிட்ட என் மாமனார் பெயரில் இருந்தது. அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். "ஏம்மா, இந்தப் பன்னண்டு பை நாலு எங்க இருக்குது?" என்று கேட்டார். இதே வீடுதான் சார், பழைய எண் அது என்றேன். "அதக் காட்டுற பேப்பர் ஏதாச்சும் இருக்குதா?" என்றார். தேடிப்பார்க்கிறேன் என்றேன்.

சில நாளில் REG-03 வந்தது. விளக்கம் கேட்கும் அறிவிப்பு அது. மூன்று விஷயம் கேட்டிருந்தார்கள்: மின் கட்டண ரசீது வேறொருவர் பெயரில் உள்ளது, அவருக்கும் விண்ணப்பதாரருக்கும் என்ன தொடர்பு, ஒப்புதல் கடிதம் எங்கே; நேரில் பார்த்த முகவரியும் விண்ணப்ப முகவரியும் வேறு; பானிலும் ஆதாரிலும் பெயர் வேறு. பதில் சொல்ல ஏழு வேலை நாள்.

இங்கேதான் நான் பெரிய தவறு செய்தேன். யாரோ சொன்னதைக் கேட்டு நோட்டரியிடம் போய், "கவிதா சுப்பிரமணியன், கவிதா ஆர் இரண்டும் நான் ஒருவரே" என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதி வாங்கினேன். அதையும், அதே மின் ரசீதை இன்னும் தெளிவாக ஸ்கேன் செய்தும் ஏற்றிவிட்டு, முடிந்தது என்று உட்கார்ந்தேன். REG-05 வந்தது, நிராகரிப்பு.

அந்தப் பத்திரம் பொய்யில்லை. ஒரு மனிதர் உட்கார்ந்து படித்து முடிவெடுக்கும் இடத்தில், வேறு ஆதாரங்களோடு சேர்த்துக் கொடுத்தால் உதவலாம். ஆனால் நான்தான் அவர் என்று நானே சொல்லிக்கொள்வதுதான் அதில் இருக்கிறது. ஆதாரில் உள்ள பெயரை அது மாற்றாது, மறுபடியும் இணைப்பைத் திறந்தால் கணினி பழைய பதிலைத்தான் சொல்லும். இறந்துபோன மாமனாரின் ரசீது தெளிவாக ஸ்கேன் ஆகியிருந்தாலும் அவர் எனக்கு ஒப்புதல் தர முடியாது. கேட்ட மூன்றில் ஒன்றுக்குக்கூட நான் பதில் சொல்லவில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

அன்று இரவு ஒரு கணக்கு நோட்டை எடுத்து நடுப்பக்கத்தில் கோடு போட்டேன். இடது பக்கம் காகிதத்தின் பெயர், அடுத்து அதில் என் பெயர் எழுத்துக்கு எழுத்து ஆங்கிலத்தில், அடுத்து முகவரி உள்ளபடியே, கடைசியில் அந்தக் காகிதத்தை என்னால் மாற்ற முடியுமா என்பது. பிழையைக்கூடத் திருத்தாமல் அப்படியே எழுதினேன். தெருப் பெயர் ஒன்றில் Kaliamman Koil St, இன்னொன்றில் Kaliyamman Kovil Street. ஊர் ஒன்றில் Gobi, மற்றதில் Gobichettipalayam. ஒரே பக்கத்தில் பார்த்தபோது, எந்தக் காகிதம் எதோடு சண்டை போடுகிறது என்று தெரிந்தது.

பெயரில் இரண்டே வழி இருந்தது, பானை மாற்றுவது அல்லது ஆதாரை மாற்றுவது. பானைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இனிஷியல் வைத்துக்கொள்ளும் நம்மைத்தான் இது குறிப்பாகக் கடிக்கிறது. பான் விண்ணப்பத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் கட்டங்களில் இனிஷியல் போட முடியாது, விரித்துத்தான் எழுத வேண்டும். கடைசிப் பெயர் கட்டாயம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அதனால் பூர்த்தி செய்பவரின் விருப்பப்படி அப்பா பெயர் ஒருவருக்குக் கடைசியிலும் இன்னொருவருக்கு முதலிலும் போய் உட்கார்ந்துகொள்கிறது. உங்களுக்கு எங்கே போயிருக்கிறது என்பதை பான் எண்ணே சொல்லும். நான்காவது எழுத்து தனிநபர் என்றால் P. ஐந்தாவது எழுத்து, எண் கொடுத்தபோது இருந்த கடைசிப் பெயரின் முதல் எழுத்து. என்னுடையதில் S, எனவே சுப்பிரமணியன் கடைசிப் பெயர். என் தங்கையுடையதில் அவள் பெயரின் எழுத்தே இருக்கிறது. அவளுக்கு அப்பா பெயர் முதலில் விழுந்திருக்கிறது, வருமான வரித்துறைப் பதிவில் அவள் பெயர் தலைகீழாக இருக்கிறது. அட்டையில் அச்சான பெயரை மட்டும் நம்பாதீர்கள். அச்சுக்குச் சுருக்கிக் கொடுக்க இடம் உண்டு. வருமான வரி இணையதளத்தில் உள்ளே நுழைந்து உங்கள் விவரப் பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் பெயர்.

ஆகவே KAVITHA R என்ற ஆதார் பெயருக்கு பானை எந்த நாளும் பொருத்த முடியாது. ஒன்று இரண்டையும் கவிதா ராஜா ஆக்க வேண்டும். திருமணச் சான்றிதழ் கொடுத்து பானில் அப்படி மாற்ற வழி உண்டு. அல்லது ஆதாரை மட்டும் கவிதா சுப்பிரமணியன் ஆக்க வேண்டும். முதல் வழியில் இரண்டு அடிப்படைக் காகிதமும் மாறும். இரண்டாவதில் ஒன்றுதான் மாறும், பள்ளிச் சான்றிதழின் S-உம் அதற்குத் துணை நிற்கும். நான் இரண்டாவதை எடுத்தேன். வீட்டில் ஒரு சின்ன வருத்தம் வந்தது. "எம்பையன் பேரு வேண்டாமா கண்ணு?" என்று அத்தை கேட்டார்கள். "பேரு வேண்டாம்னு இல்லீங்க அத்தை, பான்ல ஏற்கெனவே அப்பா பேருதான் இருக்குது" என்று நோட்டைக் காட்டினேன். அவர் பெயர் முகவரியில் கணவர் பெயராக அப்படியே இருக்கும் என்றதும் சமாதானமானார்கள்.

ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம். கல்யாணத்துக்குப் பிறகு ஒன்றைச் செலவழித்துவிட்டேன், இதுவே கடைசி. அதனால் பயந்துகொண்டேதான் போனேன். அப்பாவின் ஆதாரில் Subramaniam என்று m-இல் முடிகிறது. என் பானில் n. அப்பாவின் காகிதத்தைப் பார்த்து எழுதியிருந்தால் கடைசி வாய்ப்பும் போயிருக்கும். பானில் உள்ளது ஒருவேளை அப்பா எழுதும் விதத்துக்குப் பிழையாகவே இருந்தாலும், இந்த வேலைக்கு அதுதான் சரியான எழுத்து. ஆதார் மையத்தில் பான் அட்டையைச் சான்றாகக் கொடுத்தேன். பதிவு செய்த பெண் திரையைத் திருப்பிக் காட்டியபோது ஆங்கிலத்தில் சரியாக இருந்தது, தமிழில் "சுப்ரமணியான்" என்று இருந்தது. ஆங்கிலத்தில் அடிப்பதை மென்பொருள் தானாகத் தமிழாக்குகிறது, அதையும் பார்த்துத் திருத்தச் சொல்ல வேண்டும். ஒப்புகைச் சீட்டை அங்கேயே நின்று, இடத்தை விட்டு நகராமல் ஒருமுறை படியுங்கள். அங்கே பிடித்த பிழை ஒரு நிமிட வேலை. வீட்டுக்கு வந்தபின் பிடித்தால், எனக்கு அதைத் திருத்த வாய்ப்பே மிச்சம் இருந்திருக்காது. மூன்று வாரத்தில் புதிய பெயர் வந்தது. பானோடு ஏற்கெனவே செய்திருந்த இணைப்பு அப்படியே இருந்தது.

அடுத்தது முகவரி. மின் அட்டையை அத்தை பெயருக்கு மாற்றிவிட்டுத்தான் விண்ணப்பம் போட வேண்டும் என்று முதலில் நினைத்தேன். நோட்டைப் பார்த்தபோது வேறொன்று தோன்றியது. மாமனார் இருக்கும்போதே வீட்டை அத்தை பெயருக்கு செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்திருந்தார். சொத்து வரி அப்போதே அத்தை பெயருக்கு மாறிவிட்டது. பீரோவில் இருந்த வரி ரசீதை எடுத்துப் பார்த்தால், புதிய கதவு எண் 27, பழைய எண் 12/4 என்று இரண்டும் ஒரே வரியில் அச்சாகியிருந்தது. அதிகாரி வாசலில் நின்று கேட்ட காகிதம் அதுதான். நான்கு மாத அலைச்சலுக்கு விடை பத்து அடி தூரத்தில் இருந்திருக்கிறது.

எல்லார் ரசீதிலும் இரண்டு எண்ணும் இருக்காது. கதவு எண்ணோ தெருப் பெயரோ மாறிய ஊர்களில், இரண்டையும் ஒன்றாகக் காட்டும் காகிதம் ஏதாவது ஒன்று இருக்கிறதா என்று முதலில் தேட வேண்டும். இல்லையென்றால் நகராட்சியிலோ ஊராட்சியிலோ எழுதிக் கேட்டு, பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒரே கட்டடம்தான் என்று ஒரு கடிதம் வாங்கலாம். நீங்களே எழுதும் விளக்கத்தைவிட அந்த ஒரு வரிக்கு எடை அதிகம்.

இரண்டாவது விண்ணப்பத்தில் மின் ரசீதை நான் ஏற்றவே இல்லை. எவ்வளவு அதிகமாகக் கொடுக்கிறோமோ அவ்வளவு நம்புவார்கள் என்று நாம் நினைக்கிறோம். ஆனால் கூடுதலாகக் கொடுக்கும் ஒவ்வொரு காகிதமும் பொருந்தாமல் போக இன்னொரு வாய்ப்பு. இடத்தின் உரிமையைக் காட்ட மின் ரசீது, சொத்து வரி ரசீது போன்றவற்றில் ஏதாவது ஒன்றே போதும். உறவினர் இடம் என்றால் அதோடு அவருடைய ஒப்புதல் கடிதமும் அடையாளச் சான்றும் சேர வேண்டும். 2025 ஏப்ரல் 17 அன்று மத்திய மறைமுக வரி வாரியம் தன் அதிகாரிகளுக்கு அனுப்பிய அறிவுறுத்தலிலும், பட்டியலில் உள்ளதைத் தாண்டித் தேவையில்லாமல் காகிதம் கேட்கக் கூடாது என்று எழுதியிருக்கிறார்கள். நான் விண்ணப்பித்தது அதற்கு முன்பு. இருந்தாலும் ரசீது ஒன்று, கடிதம் ஒன்று, அத்தையின் ஆதார் நகல் ஒன்று என்று மூன்றோடு நிறுத்திக்கொண்டேன்.

ஒப்புதல் கடிதத்தில் அத்தையின் பெயர் வரி ரசீதில் உள்ளபடியும், முகவரி ரசீதில் உள்ள வரிசையிலும், என் பெயர் பானில் உள்ளபடியும் எழுதினோம். "என் மருமகள்" என்ற உறவையும், அங்கே பொடி தயாரித்து விற்க ஆட்சேபணை இல்லை என்பதையும் இரண்டு வரியில் சேர்த்தோம். ஆதாரில் என் முகவரியையும் இதற்குள் 27 என்று மாற்றியிருந்தேன். முகவரியை மாற்ற பெயருக்கு இருப்பதுபோல எண்ணிக்கைக் கட்டுப்பாடு இல்லை.

விண்ணப்பத்தை இந்த முறை நானே அடித்தேன். முகவரிப் பகுதியில் ஓர் எச்சரிக்கை. பின்கோடு கொடுத்ததும் ஊர், தெருவுக்கு வரைபடத்திலிருந்து அதுவே பெயர்களைக் காட்டும். ஒன்றைத் தொட்டால் அந்த எழுத்து உங்கள் எழுத்தின் மேல் ஏறிவிடும். எனக்கு Kali Amman Kovil Road என்று வந்தது. எங்கள் தெரு ரோடே இல்லை. அதை அழித்து ரசீதில் உள்ளபடி அடித்தேன். அனுப்பும் முன் முழு விண்ணப்பத்தையும் ரசீதின் பக்கத்தில் வைத்து விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தேன். ஆதார் இணைப்பு முதல் முயற்சியிலேயே சரியானது. ஆறாவது நாள் எண் வந்தது.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். எங்கள் சின்ன இணையதளத்தில் பணம் வாங்க ஒரு பேமென்ட் கேட்வேயில் சேர விண்ணப்பித்தபோது அங்கேயும் நிராகரிப்பு வந்தது. அதற்குக் காரணம் இரண்டு. சட்டப்பூர்வப் பெயர் என்ற கட்டத்தில் நான் பொடிக் கம்பெனியின் பெயரைப் போட்டிருந்தேன். தனி உரிமையாளர் தொழிலுக்குக் கடைப் பெயர் வெறும் வணிகப் பெயர்தான். சட்டத்தின் கண்ணில் தொழிலும் நானும் ஒன்று, அந்தக் கட்டத்தில் வர வேண்டியது KAVITHA SUBRAMANIAN. ஜிஎஸ்டி சான்றிதழிலேயே இரண்டும் தனித்தனி வரியில் இருக்கிறது, பார்த்து அப்படியே எடுத்து எழுதினால் போதும்.

இன்னொன்று வங்கிக் கணக்கு. ஒரு ரூபாய் அனுப்பிப் பார்த்து, வங்கி திருப்பிச் சொல்லும் கணக்குப் பெயரை அவர்கள் ஒப்பிடுகிறார்கள். வங்கியிலிருந்து போனது KAVITHA R. ஆதாரை மாற்றினால் வங்கியில் தானாக மாறிவிடும் என்று நினைத்திருந்தேன், மாறாது. கிளைக்குப் போய்ப் புதிய ஆதாரும் பானும் கொடுத்து எழுதிக் கேட்க வேண்டும். போன கையோடு கடைப் பெயரில் நடப்புக் கணக்கும் திறந்தேன். அதற்கு ஜிஎஸ்டி சான்றிதழும், சிறுதொழில் பதிவுக்கான உத்யம் சான்றிதழும் கொடுத்தேன். திறக்கும்போது விண்ணப்பத்தில் கடைப் பெயரின் நடுவில் உள்ள AND என்பதை அவர்கள் & என்று போட்டார்கள். அலுவலரிடம் சான்றிதழைக் காட்டி, அதே எழுத்தாக்கச் சொன்னேன். "இதெல்லாம் பாக்க மாட்டாங்கம்மா" என்றார். பார்த்துவிட்டார்கள் சார், நான்கு மாதம் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்றேன். மாற்றிக்கொடுத்தார். ஜிஎஸ்டி எண் வந்து முப்பது நாளுக்குள், அதிலும் முதல் கணக்குத் தாக்கலுக்கு முன்பே, வங்கி விவரத்தை அந்தத் தளத்தில் சேர்க்க வேண்டும். அங்கேயும் பெயரைச் சரிபார்க்கிறார்கள். கணக்கைத் திறக்கும்போதே எழுத்தைச் சரிசெய்தது அதற்கும் உதவியது.

உணவுப் பாதுகாப்புப் பதிவு, லேபிள் இரண்டும் மிச்சம் இருந்தன. பதிவுச் சான்றிதழில் பழைய பெயரும் 12/4-உம் இருந்தது. அதைத் திருத்தி வாங்கியதும், அச்சடித்து வைத்திருந்த இரண்டாயிரம் லேபிளைப் பயன்படுத்தாமல் வைத்துவிட்டேன். பாக்கெட்டில் ஒரு முகவரி, சான்றிதழில் வேறு முகவரி என்று யாராவது நாளை கேட்டால் மறுபடியும் அந்த வாசலில் நின்று விளக்கம் சொல்ல எனக்குத் தெம்பில்லை. வரிசையைத் தெரிந்துகொண்டிருந்தால் லேபிளைக் கடைசியில் அடித்திருப்பேன்: முதலில் பான் பெயர், அதற்கேற்ப ஆதார், அப்புறம் இடத்தின் காகிதம், ஜிஎஸ்டி, வங்கி, மற்ற உரிமங்கள், அதன்பிறகு அச்சு.

மின் அட்டை மட்டும் இன்னும் மாமனார் பெயரில்தான் இருக்கிறது. செட்டில்மென்ட் பத்திரத்தின் நகலும் வரி ரசீதும் வைத்துப் பெயர் மாற்ற விண்ணப்பித்திருக்கிறோம். விண்ணப்பத்தில் பழைய எண், புதிய எண் இரண்டையும் எழுதி, ரசீதில் அந்த வரியைப் பேனாவால் வட்டமிட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். நோட்டில் அந்த ஒரு வரி மட்டும் இன்னும் அடிக்கப்படாமல் இருக்கிறது.